"கொஞ்சம் முடி வரையுங்க" என்றேன், டோப்பா வைத்துக் கொடுத்தார்

குழந்தையின் பென்சில் படத்துக்கு யாரிடமாவது ஆர்டர் கொடுக்கப் போகிறீர்களா? முன்பணம் அனுப்புவதற்கு முன்னால் இதைப் படித்துவிடுங்கள், ஏனென்றால் நான் ஏமாந்தது முடியில்தான்.

என் மகளுக்கு அப்போது ஏழு மாதம். தலையில் முடி என்று சொல்லிக்கொள்ள எதுவும் இல்லை, உச்சியில் சுழியைச் சுற்றிக் கொஞ்சம் பூனைமுடி, பின்தலை படுத்துப் படுத்தே தேய்ந்து வழுக்கை. புகைப்படத்தில் வெளிச்சம் நேராக அடித்ததால் அந்தக் கொஞ்சமும் தெரியவில்லை. அதனால் வரைபவரிடம், "இயல்பா, மெல்லிசா கொஞ்சம் முடி வர்ற மாதிரி செய்யுங்க" என்று கேட்டேன். "அதெல்லாம் நம்ம ஸ்பெஷாலிட்டி" என்றார். அவர் காட்டிய மாதிரிப் படங்கள் எல்லாம் அடர்ந்த முடியுள்ள பெரியவர்கள். அங்கேயே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

மூன்று வாரம் கழித்து வந்த படத்தில் கண், மூக்கு, உதடு எல்லாம் சரி. தலையைப் பார்த்தால் முப்பது வயது ஆள் படிய வாரிவிட்ட மாதிரி. நெற்றிக்கு மேலே ஒரே கோடாக முடி ஆரம்பிக்கிறது, அங்கிருந்து ஒரே தடிமனில், ஒரே இடைவெளியில், சீப்புப் பல் மாதிரி கருங்கோடுகள். என் அம்மா பார்த்துவிட்டு "யாருடா இது?" என்று கேட்டார்.

திருத்தித் தரச் சொன்னேன். அழித்துவிட்டு லேசாகப் போட்டு அனுப்பினார், ஆனால் நல்ல கருமையாக விழும் 6B பென்சிலை முதலில் அழுத்தி ஓட்டியதில் தாளில் பள்ளம் விழுந்திருந்தது. பின்பக்கம் விரலை ஓட்டினால் ஒவ்வொரு கோடும் தட்டுப்படும். அந்தப் பள்ளத்துக்கு மேல் எதைத் தீட்டினாலும் பழைய கோடுகள் வெள்ளையாக எட்டிப் பார்க்கும். அப்புறம் போனையே எடுக்கவில்லை, முன்பணமும் போனது போனதுதான்.

கடைசியில் படம் வரையும் என் சித்தி மகள் புதிதாக வரைந்து கொடுத்தாள். பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்ததில்தான் முதல் ஆள் எங்கே கோட்டைவிட்டார் என்று புரிந்தது. அவள் முடியிலிருந்து ஆரம்பிக்கவே இல்லை. முதலில் மொட்டைத் தலையை உருண்டையாக, முழுதாக முடித்தாள். கிராஃபைட் தூளை மென்மையான பிரஷால் தொட்டு, முடி இருக்க வேண்டிய இடத்தில் மட்டும் தோலைவிட ஒரு படி கூடுதலாக நிழல் போட்டாள், உச்சியில் கொஞ்சம் அழுத்தமாக, நெற்றிக்கு வர வர ஒன்றுமில்லாமல் கரைகிற மாதிரி. இந்த வயதுக் குழந்தைக்கு முடி கோடாகத் தெரியாது, தோலின் மேல் படிந்த லேசான நிறமாகத்தான் தெரியும் என்றாள். அந்த நிழல் போட்டதுமே, ஒரு கோடு கூட இல்லாமல், தலையில் முடி இருப்பது போல் தோன்ற ஆரம்பித்துவிட்டது.

கோடுகள் அதற்குப் பிறகுதான். 0.3 மி.மீ. மெக்கானிக்கல் பென்சிலில் வெளிறிய கோடு விழும் 2H லெட், தாளைத் தொட்டும் தொடாமலும், சுழியிலிருந்து வெளியே மண்டையின் வளைவோடு போகிற குட்டிக் கோடுகள். இரண்டு முனையும் மங்கிப் போகும்படி, இரண்டு மூன்று சேர்ந்தாற்போல், நடுவில் வெற்றிடம் விட்டு. பிசையும் ரப்பரைக் கூராக உருட்டி, நிழலிலிருந்து சில வெளிச்ச இழைகளையும் ஒற்றி எடுத்தாள். தலையின் வெளிக்கோட்டுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது நாலைந்து இழைதான். நெற்றிக்கு மேலே எதுவுமே இல்லை. குழந்தை குழந்தையாகத் தெரிவதே அந்தப் பெரிய நெற்றியால்தான், அங்கே கோடு போட்டு நெற்றியைக் குறைத்தால் வயது கூடிவிடும் என்று சொன்னாள். என் மகளுக்கு நடந்தது அதேதான்.

ஆர்டர் கொடுப்பதென்றால், முடி குறைந்த குழந்தையின் படம் ஒன்றையாவது காட்டச் சொல்லி, நெற்றி ஓரத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். முடி எங்கே ஆரம்பிக்கிறது என்று விரல் வைத்துக் காட்ட முடிந்தால் அவர் வேண்டாம். முடியைத் தொடுவதற்கு முன் மொட்டைத் தலையோடு ஒரு போட்டோ அனுப்ப வேண்டும் என்றும் முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள். அந்த நிலையில் எதையும் மாற்றலாம், அழுத்திக் கோடு விழுந்த பிறகு முடியாது. நீங்கள் அனுப்பும் புகைப்படமும் முக்கியம், ஜன்னலோரம் பக்கவாட்டு வெளிச்சத்தில் எடுத்த ஒன்றையும் சேர்த்து அனுப்பினால் இருக்கிற பூனைமுடி எந்தப் பக்கம் சாய்கிறது என்று தெரியும், வரைபவர் கற்பனை செய்ய வேண்டியதில்லை. நான் முதல் தடவை இதைச் செய்யவில்லை, அது என் தப்புதான்.

இரண்டாவது படத்தில் எத்தனை கோடு என்று ஒரு நாள் எண்ணிப் பார்த்தேன். அறுபதைத் தாண்டவில்லை. முதல் படத்தில் காதுக்கு மேலேயே அதைவிட அதிகம் இருந்தது.