மூன்று மானிட்டர் ரேஸிங்: விளிம்பு இடைவெளியை கிராபிக்ஸ் டிரைவரில் சரிசெய்வதா, கேமிலா?

ஒரே மாதிரி மூன்று 27 இன்ச் 1440p திரைகள். ஒட்டி வைத்தாலும் இரண்டு விளிம்புகளும் சேர்ந்து 16 மி.மீ. என்று வையுங்கள். ஒரு பிக்சல் சுமார் 0.233 மி.மீ., எனவே காட்சி விளிம்புக்குப் பின்னால் தொடர்வதுபோல் தெரிய, ஒவ்வொரு இடைவெளியிலும் மறைய வேண்டியது ஏறக்குறைய 69 பிக்சல்.

டிரைவர் (என்விடியா சரவுண்ட்): இரண்டு இடைவெளிக்கும் சேர்த்து அகலம் 7680-லிருந்து 7818 ஆகும். எல்லா கேமுக்கும் பொருந்தும். ஆனால் அந்தப் பிக்சல்கள் விளிம்புக்குப் பின்னால் போவதால், டெஸ்க்டாப்பில் எழுத்துகளும் நடுவில் காணாமல் போகும். எரிச்சல்தான்.

கேம் (ஐரேஸிங், அசெட்டோ கோர்சா): திரை அகலம், விளிம்பு, கண்ணிலிருந்து தூரம், கோணம் எல்லாவற்றையும் அளந்து கொடுக்க வேண்டும். ஒவ்வொரு திரைக்கும் தனிப் பார்வை வரையப்படுவதால் கணினிக்குச் சுமை கூடும். ஆனால் பக்கத் திரைகளை 60 டிகிரி திருப்பினாலும் பக்கத்துக் கார் இழுபட்டுத் தெரியாது. டிரைவர் வழி ஒரே தட்டையான படத்தை நீட்டுவதால் இதைச் செய்ய முடியாது.

இரண்டையும் சேர்த்துப் போடாதீர்கள்; இடைவெளி இருமடங்காகக் கழியும். சாய்ந்து போகும் தடுப்புவேலி விளிம்பைத் தாண்டும்போது படியாக உடைந்தால் அளவு தவறு. அதற்கு முன், திரைகள் ஒரே உயரத்தில் இருக்கின்றனவா என்று பாருங்கள். உயர வித்தியாசத்தை விளிம்பு அளவை மாற்றி ஈடுகட்ட முடியாது.

கோணமாக வைத்து ரேஸிங் மட்டும் என்றால் கேம் வழி. நேர் வரிசையில் பல கேம் ஆடுபவருக்கு டிரைவர் போதும்.