சிலிக்காவா, C18-ஆ? ஒரே இலைச்சாறு, இரண்டு தகடுகள்

மெல்லடுக்கு நிறப்பிரிகையில் இலையின் நிறமிகளைப் பிரிக்க, அசிட்டோனில் எடுத்த பச்சை இலைச்சாற்றை சிலிக்கா தகட்டில் புள்ளியிட்டு, ஹெக்சேனும் அசிட்டோனும் 7:3 கலந்த கரைப்பானில் நிறுத்துங்கள். முனைவற்ற கரோட்டின் கரைப்பானோடு உச்சிக்கு ஓடிவிடும். முனைவுள்ள பச்சையங்களை சிலிக்காவின் OH தொகுதிகள் பிடித்து இழுப்பதால் அவை கீழே தங்கும். பச்சையம் a மேலே, b அதற்குக் கீழே.

கரைப்பான் தொடக்கக் கோட்டிலிருந்து 6.0 செ.மீ. ஏறியது, பச்சையம் a-யின் நடுப்புள்ளி 2.7 செ.மீ.யில் நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். நிறமி நகர்ந்த தூரத்தைக் கரைப்பான் நகர்ந்த தூரத்தால் வகுத்தால் கிடைப்பதே Rf: 2.7 / 6.0 = 0.45. இரண்டு தூரமும் தொடக்கக் கோட்டிலிருந்துதான். தகட்டின் அடியிலிருந்து அளந்தால் விடை கூடிவிடும். கரைப்பான் எட்டிய இடத்தை, தகட்டை எடுத்தவுடன் பென்சிலால் குறிக்க வேண்டும். உலர்ந்தபின் அது தெரியாது.

C18 தகட்டில் சிலிக்காமேல் 18 கார்பன் கொண்ட சங்கிலிகள் பிணைக்கப்பட்டிருப்பதால் நிலையான கட்டம் எண்ணெய்த்தன்மை கொண்டது, ஓடும் கரைப்பான்தான் முனைவுள்ளது. அதனால் வரிசை தலைகீழ்: கரோட்டின் அடியிலேயே ஒட்டிக்கொள்ளும், b-தான் a-யை முந்தும். கரைப்பானைத் திருத்தும் திசையும் மாறும். சிலிக்காவில் Rf குறைவாக இருந்தால் அசிட்டோனைக் கூட்டலாம். C18-இல் தண்ணீரைக் குறைக்க வேண்டும். தண்ணீர் மிகுந்தால் சாதாரண C18 தகடு நனையவே மறுக்கும்.

செய்முறைத் தேர்வில் இந்தச் சாற்றுக்கு என் தேர்வு சிலிக்கா. விலையும் குறைவு, நிறங்களும் நன்றாகப் பிரியும். சிலிக்காவில் எந்தக் கரைப்பானிலும் நகராமல் வால் நீட்டும் மிக முனைவுள்ள சேர்மம் என்றால் மட்டும் C18 பக்கம் போவேன்.