பிரெஞ்சுப் புரட்சி: திருப்புமுனையா, தொடர்ச்சியா? கட்டுரையை எந்த வடிவில் எழுதலாம்?

"1789 பிரெஞ்சுப் புரட்சி ஒரு திருப்புமுனையா, அல்லது பழைய ஆட்சியின் தொடர்ச்சியா? சீர்தூக்கி எழுதுக." வரலாற்று மாணவர்களை விடாமல் துரத்தும் கேள்வி இது. விடை எழுதுகிறவர்கள் பெரும்பாலும் மூன்று வடிவங்களில் ஒன்றைப் பிடிக்கிறார்கள். முதல் பாதியில் மாற்றங்கள், மறுபாதியில் தொடர்ச்சிகள் என்று பிரிப்பது ஒன்று. நிர்வாகம், நிலம், திருச்சபை, வரி என்று துறைவாரியாகப் போவது இன்னொன்று. 1789, 1794, 1804, 1815 என்று காலவரிசையில் நின்று நின்று அளப்பது மூன்றாவது. எது மேல் என்று பொதுவாகப் பேசிக்கொண்டிருப்பதைவிட, ஒரே சான்றை மூன்றிலும் போட்டுப் பார்த்தால் வேறுபாடு பளிச்சென்று தெரியும். அதற்கு நான் எடுத்துக்கொள்வது உப்பு வரி.

புரட்சிக்கு முன் பிரான்ஸில் உப்பின் மீது அரசர் விதித்த வரிக்கு 'காபெல்' என்று பெயர். வரி ஊருக்கு ஊர் மாறியது. பிரெத்தாஞ் மாகாணத்துக்குக் காபெலில் இருந்து விலக்கு. அதை ஒட்டிய மேன், ஆன்ஜூ பகுதிகளிலோ வரி மிகக் கடுமை, உப்பின் விலையும் பல மடங்கு. கடுமையான பகுதிகளில் வேண்டுமா வேண்டாமா என்ற பேச்சே கிடையாது. எட்டு வயதுக்கு மேற்பட்ட ஒவ்வொருவர் கணக்கிலும் குறிப்பிட்ட அளவு உப்பை அரசுக் கிடங்கில் வாங்கியே ஆக வேண்டும். எல்லை தாண்டி உப்புக் கடத்தியவர்களைக் கப்பலில் துடுப்பு வலிக்கும் தண்டனைக்கு அனுப்பினார்கள். இந்த வரியை 1790-இல் தேசிய சட்டமன்றம் ஒழித்தது. 1806-இல் நெப்போலியன் உப்பு வரியை மறுபடி கொண்டுவந்தார். 1814-இல் திரும்பிவந்த பூர்போன் மன்னர்களும் அதை விட்டுவிடவில்லை.

சரி, இதைப் பாதிக்குப் பாதி வடிவில் எழுதினால் என்ன ஆகும்? 1790 ஒழிப்பு முதல் பாதியில் போய் உட்காரும். "மக்கள் வெறுத்த உப்பு வரி ஒழிந்தது, எனவே திருப்புமுனை." 1806 இரண்டு பக்கம் தள்ளி மறுபாதியில் வரும். "உப்பு வரி திரும்பியது, எனவே தொடர்ச்சி." இரண்டு வாக்கியத்திலும் பிழை இல்லை. ஆனால் இரண்டும் ஒன்றையொன்று சந்திப்பதே இல்லை. திரும்பிவந்த வரி பழைய வரிதானா என்ற கேள்வியை எழுத இந்த வடிவத்தில் இடமே கிடையாது. அதனால்தான் இப்படி எழுதுகிறவர்களின் முடிவுரை எப்போதும் "இரு தரப்பிலும் உண்மை உள்ளது" என்று வழுவழுவென்று முடிகிறது. மதிப்பெண் போவது அங்கேதான். சீர்தூக்குவது என்றால் இரண்டு தட்டிலும் சம எடை போடுவது என்று நினைத்துக்கொள்கிறார்கள். தராசில் எந்தத் தட்டு இறங்குகிறது என்று சொல்வதுதான் வேலை.

துறைவாரியாக எழுதினால் அதே சான்று இப்படி வரும்:

"உப்பு வரி 1790-இல் ஒழிந்தாலும் 1806-இல் திரும்பியது. அரசின் பணத்தேவை புரட்சியோடு தீர்ந்துவிடவில்லை என்பதை இது காட்டுகிறது. ஆனால் திரும்பியது காபெல் அல்ல. மாகாணத்துக்கு மாகாணம் மாறும் விகிதமும், ஆள் கணக்கில் கட்டாயமாக வாங்கும் விதியும் மீளவில்லை. புதிய வரி உப்பு விளையும் இடத்திலேயே வசூலிக்கப்பட்டது. வரி தொடர்ந்தது, சலுகையின் அடிப்படையில் வரி விதிக்கும் முறை முறிந்தது."

ஒழிப்பும் மீட்பும் ஒரே பத்தியில் மோதியதால்தான் கடைசி வாக்கியம் பிறந்தது. 'எது தொடர்ந்தது, எது முறிந்தது' என்று ஒரே பொருளுக்குள் பிரித்துக் காட்டுவது இந்த வடிவத்தின் பலம்.

நிர்வாகத்தில் இது இன்னும் நன்றாகப் பலிக்கும். தொடர்ச்சி என்று வாதிடுகிறவர்களின் பெரிய ஆயுதமே நிர்வாகம்தான். மையத்தில் அதிகாரம் குவிவது மன்னர்கள் காலத்திலேயே தொடங்கிவிட்டது, புரட்சி அதை முடித்துவைத்தது என்று அலெக்சி டி டோக்வில் 1856-இல் எழுதினார். பழைய ஆட்சியில் ஒவ்வொரு வட்டாரத்துக்கும் மன்னர் அனுப்பும் 'இன்டெண்டன்ட்' என்ற அதிகாரி இருந்தார். 1800-இல் நெப்போலியன் ஒவ்வொரு மாவட்டத்துக்கும் 'பிரிஃபெக்ட்' என்பவரை நியமித்தார். இருவரையும் நியமித்தது பாரிஸ் அல்லது வெர்சாய், நீக்கியதும் அதுவே. பெயர்தான் மாறியது என்று தோன்றும். பல கட்டுரைகள் இங்கேயே நின்றுவிடும்.

ஒரு படி மேலே போய், அந்த அதிகாரியின் எதிரில் யார் நின்றார்கள் என்று கேட்டுப் பாருங்கள். இன்டெண்டன்டை மறிக்க ஒரு கூட்டமே இருந்தது. மன்னரின் ஆணையைப் பதிவு செய்ய மறுத்து ஆட்சேபம் எழுப்பும் 'பார்லமான்' நீதிமன்றங்கள், சில மாகாணங்களின் சொந்த மன்றங்கள், பதவியைக் காசு கொடுத்து வாங்கியதால் எளிதில் நீக்க முடியாத அதிகாரிகள். பிரிஃபெக்டுக்கு இவர்களில் யாரும் இல்லை. 1789-க்கும் 1791-க்கும் இடையில் எல்லாரையும் புரட்சி துடைத்துப் போட்டுவிட்டது. பழைய மாகாணங்களின் இடத்தில் 83 மாவட்டங்கள் வந்தன. அப்புறம், நடுவில் அந்த மாவட்டங்களைத் தேர்ந்தெடுக்கப்பட்ட குழுக்களே நடத்திய சில ஆண்டுகளும் உண்டு. இன்டெண்டன்டிலிருந்து பிரிஃபெக்டுக்கு நேர்கோடு போடுகிறவர்கள் அதைத் தாண்டிக் குதித்துவிடுகிறார்கள். மன்னர்கள் விரும்பிய மையப்படுத்தல் தொடர்ந்தது என்பது சரி. அவர்களால் அகற்ற முடியாத தடைகளை அகற்றியது புரட்சி என்பதும் சேர்ந்தால்தான் அந்தப் பத்தி முழுமையாகும்.

துறைவாரி வடிவத்துக்கும் ஒரு நோய் உண்டு. ஐந்து துறை எடுத்து, மூன்றில் மாற்றம், இரண்டில் தொடர்ச்சி, ஆகவே திருப்புமுனை என்று ஸ்கோர் போடுவது. துறைகள் எல்லாம் ஒரே எடை இல்லை. 1793-இல் வந்த குடியரசு நாட்காட்டியும் ஒரு மாற்றம்தான்; 1806 தொடக்கத்தில் அது கைவிடப்பட்டது. பிரபுக்கள் விவசாயிகளிடம் பரம்பரையாக வசூலித்த கட்டணங்கள் 1789 ஆகஸ்டில் தொடங்கி 1793 ஜூலையில் இழப்பீடே இல்லாமல் முழுவதும் ஒழிந்ததையும் அதையும் ஒரே வரிசையில் எண்ண முடியாது. பெரும்பாலானோர் கிராமத்தில் வாழ்ந்த நாட்டில் நிலத்தைப் பற்றிய பத்திதான் மற்றவற்றைத் தாங்க வேண்டும். அங்கேயும் கவனம் தேவை: திருச்சபைக்குக் கொடுத்த தசமபாகம் ஒழிந்தபோது, நிலச் சொந்தக்காரர்கள் பலர் அந்தத் தொகையைக் குத்தகையில் ஏற்றிக்கொண்டார்கள். சொந்த நிலம் வைத்திருந்த விவசாயிக்கு அது விடுதலை. குத்தகைக்காரருக்குப் பெரிய வித்தியாசம் இல்லை. 'விவசாயிகள் பயனடைந்தனர்' என்று மொட்டையாக எழுதாமல் 'எந்த விவசாயி' என்று பிரித்தாலே கட்டுரையின் தரம் ஏறிவிடும்.

காலவரிசை வடிவத்தைச் சுருக்கமாகவே சொல்லலாம். பெரும்பாலும் அது கதை சொல்லலாக நழுவிவிடும். பாஸ்டில், பயங்கர ஆட்சி, நெப்போலியன் என்று ஓடி முடியும்போது கேள்வி காணாமல் போயிருக்கும். ஆனால் மற்ற இரண்டிலும் மறைந்துபோகும் ஒன்றை இது காட்டுகிறது: எந்த ஆண்டில் நின்று பார்க்கிறோம் என்பதைப் பொறுத்து விடை மாறும். குடியேற்ற நாடுகளில் அடிமைமுறை 1794 பிப்ரவரியில் ஒழிக்கப்பட்டது, 1802-இல் நெப்போலியன் அதை மீட்டார். முதல் ஆண்டோடு நிறுத்துகிறவருக்கு அது மாபெரும் முறிவு, இரண்டாவதில் நிற்கிறவருக்குத் தொடர்ச்சி. பிரெஞ்சுக் குடியேற்ற நாடாக இருந்த ஹைட்டி 1804-இல் விடுதலை பெற்றதையும் சேர்த்துக்கொள்கிறவர், பாரிஸில் நடந்ததை மட்டும் வைத்து எப்படி அளக்க முடியும் என்று கேட்பார்.

என் தேர்வு துறைவாரி வடிவம்தான், ஆனால் ஒவ்வொரு பத்திக்குள்ளும் காலத்தின் இரண்டு கேள்விகளை நுழைத்து. இது 1789-க்கு முன்பே தொடங்கியிருந்ததா? 1815-க்குப் பிறகும் நின்றதா?

முதல் கேள்வியில் ஒரு கண்ணி இருக்கிறது. தொழிற்சங்கம் போன்ற பழைய கைவினைக் குழுமங்களை ஒழிக்கும் ஆணையை அமைச்சர் துர்கோ 1776-லேயே கொண்டுவந்தார். பார்த்தவுடன் 'புரட்சிக்கு முன்பே இருந்த போக்கு' என்று எழுதத் தோன்றும். ஆனால் அதே ஆண்டில் துர்கோ பதவி இழந்தார், ஆணையும் திரும்பப் பெறப்பட்டது. 1791-இல் ஒழித்தபோதுதான் அது நிலைத்தது. யோசனை பழையது என்பதால் மட்டும் தொடர்ச்சி ஆகிவிடாது. பழைய அமைப்புக்குள் அது தோற்றது என்றால் அந்தச் சான்று திருப்புமுனை வாதத்துக்கே போகும்.

இரண்டாவது கேள்வி சோதனைக்கு மிகவும் வசதியானது. புரட்சியை அடியோடு வெறுத்தவர்களே 1814-இல் ஆட்சிக்கு வந்தார்களே, அவர்களால் எதைத் திருப்ப முடியவில்லை? பதினெட்டாம் லூயியின் 1814 சாசனம் சட்டத்தின் முன் சமத்துவத்தை ஏற்றது. பறிமுதல் செய்து விற்கப்பட்ட திருச்சபை, பிரபு நிலங்கள் வாங்கியவர்களுக்கே சொந்தம் என்றது. 1825-இல் நாடு விட்டு ஓடிய பிரபுக்களுக்குப் பண இழப்பீடு கொடுத்தார்கள், நிலத்தைக் கொடுக்கவில்லை. விவாகரத்து உரிமையோ 1816-இல் பறிபோனது. இப்படி வைத்தால் கட்டுரையின் மையக் கருத்து வாக்கியமும் தானாக வந்துவிடும்.

மையக் கருத்து "புரட்சியில் மாற்றமும் தொடர்ச்சியும் இருந்தன" என்று இருந்தால் அதை யாரும் மறுக்க முடியாது; அதனாலேயே அதற்குப் பயன் இல்லை. "அரசின் தேவைகளும் மையப்படுத்தும் பழக்கமும் தொடர்ந்தன, பிறப்பாலும் மாகாணத்தாலும் வந்த சலுகை முறிந்தது, அதை மீண்டும் ஒட்டவைக்க மன்னராட்சியாலும் முடியவில்லை" என்று எழுதினால் ஒருவர் எதிர்த்து வாதிடலாம். எதிர்க்க இடம் இருக்கும் வாக்கியம்தான் தேவை.

250 சொல்லில் எழுத வேண்டிய தேர்வுகளில் ஐந்து துறை எடுக்காதீர்கள். நிலம், நிர்வாகம் இரண்டு போதும், ஒரு வாக்கியத்தில் உப்பு வரி. நீண்ட கட்டுரை என்றால் 1815 சோதனையின் குறையையும் ஒரு பத்தியில் சொல்லிவிட வேண்டும். அரசியல் பண்பாட்டை அது சரியாக அளக்காது. 1792-இல் ஆண்களுக்குப் பரவலாகக் கிடைத்த வாக்குரிமை 1815-இல் சுவடே இல்லாமல் இருந்தது, சொத்து வரி கட்டும் சிறு கூட்டம்தான் வாக்களித்தது. ஆனால் 1848-இல் அது திரும்பி வந்தது. அந்தப் பத்தியில் மட்டும் அளவுகோலை 1848-க்கு நகர்த்துகிறேன் என்று வெளிப்படையாக எழுதிவிடுங்கள். சொல்லாமல் நகர்த்தினால்தான் திருத்துகிறவர் பிடிப்பார்.