பகிர் பொத்தானோடு நான்கு ஆண்டுகள்: ஒரு பத்திரிகைக் கடைக்காரனின் கணக்கு

தெற்கு மாசி வீதிக்குப் பக்கத்துச் சந்தில் எனக்கு ஒரு சின்னக் கடை. கல்யாணம், காதணி விழா, புதுமனை புகுவிழா என்று எல்லாப் பத்திரிகைகளும் இங்கே வடிவமைப்போம். ஒற்றை நிற வேலையை இங்கேயே அடிப்போம், பல நிற வேலை சிவகாசிக்குப் போகும். முன்பெல்லாம் வாடிக்கையாளர் பஸ் ஏறி வந்து மாதிரியைப் பார்த்துப் பிழை திருத்திவிட்டுப் போவார். நான்கு ஆண்டுகளாக அந்த வேலை முழுவதும் வாட்ஸ்அப்பில்தான் நடக்கிறது. வாட்ஸ்அப்பைத் திறந்து, ஆளைத் தேடி, கோப்பை இணைத்து அனுப்புவது எனக்குப் பொறுமையைச் சோதிக்கும் வேலை. கோப்பு எந்தச் செயலியில் இருக்கிறதோ அங்கேயே பகிர் குறியைத் தொட்டு, நேராக உரையாடலுக்குள் தள்ளிவிடுவதே என் பழக்கம். மூன்று புள்ளிகளை இரண்டு கோடுகள் இணைக்கும் அந்தக் குறியை முகூர்த்த மாதங்களில் ஒரு நாளைக்கு நாற்பது முறையாவது தொடுவேன்.

ஒன்று தெரிந்துகொள்ள எனக்கு ஆறு மாதம் ஆனது. எல்லாச் செயலியிலும் குறி ஒன்றுதான், ஆனால் அதிலிருந்து வெளியே போகும் பொருள் ஒன்றல்ல. போனின் கோப்பு மேலாளரில் தொட்டால் கோப்பே போகிறது. கூகுள் டிரைவில் `Share` என்பதைத் தொட்டால் கோப்பு போவதில்லை. யார் பார்க்கலாம் என்று அனுமதி கொடுக்கும் பக்கம்தான் திறக்கிறது. அங்கிருந்து இணைப்பை நகலெடுத்து அனுப்பினால், போவது வெறும் முகவரி.

உசிலம்பட்டிக்காரர் ஒருவர் பேரனுக்குக் காதணி விழா வைத்திருந்தார். கணினியில் செய்த மாதிரியை டிரைவில் ஏற்றி, போனிலிருந்து இணைப்பை அவருக்கு அனுப்பிவிட்டு, வேலை முடிந்தது என்று இருந்தேன். மறுநாள் காலையில் போன் வந்தது. “தம்பி, தொட்டால் அனுமதி கேட்கச் சொல்கிறது. என் பேரன் பத்திரிகையைப் பார்க்க நான் யாரிடம் அனுமதி கேட்க வேண்டும்?” அவர் கேட்டதில் தவறே இல்லை. இணைப்பு உள்ள எவரும் பார்க்கலாம் என்று நான் மாற்றி வைக்கவில்லை. இப்போது டிரைவில் அந்தக் கோப்பின் பக்கத்தில் உள்ள மூன்று புள்ளியைத் தொட்டு `Send a copy` என்பதையே தேர்ந்தெடுக்கிறேன். அப்போதுதான் பிடிஎஃப் கோப்பே இறங்கி வாட்ஸ்அப்புக்குள் போகிறது. உரையாடலில் கோப்பின் பெயரும் அளவும் தெரிந்தால் கோப்பு போயிருக்கிறது என்று பொருள். நீல எழுத்தில் முகவரி தெரிந்தால் போனது இணைப்பு. அனுப்பியபின் இதை ஒரு நொடி பார்க்காமல் நான் போனைக் கீழே வைப்பதில்லை.

கோப்பின் பெயரைப் பற்றியும் ஒரு வார்த்தை. பகிரும் திரையில் பெயரை மாற்ற வழி இல்லை. அதனால் பகிர்வதற்கு முன்பே ‘காதணி 2ஆம் திருத்தம்’ என்று மாற்றிவிடுகிறேன். இல்லாவிட்டால் ஒரே பெயரில் மூன்று கோப்புகள் வரிசையாக நிற்கும், வாடிக்கையாளர் பழைய மாதிரிக்குச் சம்மதம் சொல்லிவிடுவார்.

பிடிஎஃப் போகும்போது ஒரு புள்ளிகூட மாறுவதில்லை. படங்கள் அப்படி இல்லை. இதுதான் இந்த வசதியில் எனக்குள்ள பெரிய குறை. வாடிக்கையாளர் தம் போனின் கேலரியில் குழந்தையின் படத்தைப் பார்த்து, பகிர் தொட்டு, எனக்கு அனுப்புகிறார். அவர் கேமராவில் 4000-க்கு 3000 பிக்சலாக இருந்த படம் என்னிடம் 1600-க்கு 1200 ஆகச் சுருங்கி வருகிறது. அச்சுக்கு அங்குலத்துக்கு 300 பிக்சல் வேண்டும். 1600-ஐ 300-ஆல் வகுத்தால் ஐந்தங்குலம் சொச்சம் வருகிறது, அது போதாதா என்று தோன்றும். ஆனால் அந்தப் படத்தில் அத்தை, சித்தி, பக்கத்து வீட்டுத் திண்ணை எல்லாம் இருக்கும். எனக்கு வேண்டியது குழந்தையின் முகம் மட்டும். அது அகலத்தில் கால் பங்கு இருந்தால் 400 பிக்சல், அதாவது ஒன்றேகால் அங்குலத்தைக் கொஞ்சம் தாண்டும். அதைப் பத்திரிகையின் முகப்பில் மூன்றங்குலத்துக்கு இழுத்தால் கன்னமெல்லாம் கட்டம் கட்டமாகத் தெரியும்.

2023-இல் வாட்ஸ்அப் `HD` என்று ஒரு தேர்வு கொடுத்தது. கேலரியிலிருந்து பகிரும்போது, அனுப்புவதற்கு முந்தைய திரையில் மேலே அந்த எழுத்து இருக்கும். அதைத் தொட்டால் நிலைமை எவ்வளவோ தேவலை. இருந்தாலும் மூலப்படம் அப்படியே வேண்டுமென்றால் பகிர் பொத்தானை மறந்துவிடச் சொல்கிறேன்: என் உரையாடலைத் திறந்து, காகிதப் பிடிப்புக் குறியைத் தொட்டு, ஆவணம் என்பதற்குள் போய், அங்கிருந்து படத்தை எடுத்து அனுப்ப வேண்டும். எந்தக் குறுக்கு வழி எனக்குப் பிரியமோ, வாடிக்கையாளர் எனக்குப் படம் அனுப்பும்போது மட்டும் அதை நானே தடுக்கிறேன்.

இணையப் பக்கங்களில் தொல்லை குறைவு, ஆனால் ஏமாற்றம் உண்டு. குரோமில் பகிர் தொட்டால் போவது பக்கம் அல்ல, முகவரிதான். “இந்த மாதிரி வேண்டும்” என்று ஒருவர் அனுப்பிய பக்கத்தை ஒரு வாரம் கழித்துத் திறந்தால் அந்த அட்டை இருப்பில் இல்லை, படமும் இல்லை. இப்போது இணைப்பு வந்த உடனேயே திறந்து, குரோமின் பகிர் திரையில் உள்ள அச்சிடும் தேர்வின் வழியாகப் பிடிஎஃப் ஆகச் சேமித்து, அந்தக் கோப்பையே அவர் உரையாடலுக்குத் திரும்பப் பகிர்கிறேன். பேச்சு எதைப் பற்றியது என்பதற்கு இருவரிடமும் சாட்சி இருக்கும். முகவரியில் தமிழ் இருந்தால் வேறொரு கூத்து: ‘மதுரை’ என்ற சொல் `%E0%AE%AE%E0%AE%A4%E0%AF%81%E0%AE%B0%E0%AF%88` என்று 45 எழுத்துகளாக நீண்டுவிடும். இது வைரஸா என்று கேட்டவர்கள் இருக்கிறார்கள்.

கடைசியாக, பகிர் திரையின் மேல் வரிசை. அடிக்கடி பேசுகிறவர்களின் முகங்கள் வட்ட வட்டமாக வந்து நிற்குமே, அது. 2015-இல் ஆண்ட்ராய்டு 6-உடன் வந்த வசதி. என் பழைய போனில் திரை திறந்தபின் அந்த முகங்கள் ஒவ்வொன்றாக மெதுவாக வந்து சேரும், விரல் இறங்குகிற நேரத்தில் இடம் மாறும். ஆண்ட்ராய்டு 10-இல் முறையையே மாற்றினார்கள், இப்போது உடனே வந்துவிடுகின்றன. ஆனால் யார் எந்த இடத்தில் என்பது நேற்று மாதிரி இன்று இருக்காது, பெயரும் பாதியில் வெட்டுப்படும்.

சென்ற ஆவணியில் மேலூரில் ஒரு வாடிக்கையாளர் மகளுக்குக் கல்யாணம் வைத்திருந்தார். அவர் எண்ணை ‘மேலூர் பத்திரிகை’ என்று வைத்திருந்தேன். என் தாய்மாமன் ‘மேலூர் மாமா’. வரிசையில் இரண்டு பேருமே ‘மேலூர்…’. இருவருக்கும் முகப்படம் பிள்ளையார். மாதிரி மாமாவுக்குப் போய்விட்டது. அனைவருக்கும் நீக்கு என்பதை நான் தொடுவதற்குள் நீல டிக் விழுந்துவிட்டது. இரண்டு நாளுக்கு மேல் கழித்துக்கூட நீக்கலாம் என்றாலும், பார்த்த கண்ணிலிருந்து நீக்க வழி இல்லையே. ஐந்தே நிமிடத்தில் மாமா அழைத்தார். “அவன் வீட்டில் கல்யாணமா? எனக்கு ஒன்றுவிட்ட தம்பி முறை வேண்டும், ஒரு வார்த்தை சொல்லவில்லையே!”

அன்றிலிருந்து மேல் வரிசையைத் தொடுவதில்லை. கீழே உள்ள வாட்ஸ்அப் படத்தை அழுத்திப் பிடித்தால் முதலில் வரும்படி நிறுத்திவைக்க என் போனில் வழி இருக்கிறது. அதைச் செய்துவிட்டு, உள்ளே போய் முழுப் பெயரைப் பார்த்தே அனுப்புகிறேன். எண்களையும் ‘14 ஆவணி மேலூர்’ என்று தேதி முன்னால் வரும்படி மாற்றிவிட்டேன். வெட்டுப்பட்டாலும் தேதி தெரியும்.

மாமாவுக்குப் பத்து நாள் கழித்து முறைப்படி பத்திரிகை வந்தது. நேரில் கொண்டுபோய் வைத்திருக்கிறார்கள். முதல்முறை பார்ப்பதுபோலவே வாங்கிப் படித்ததாக அத்தை சொன்னார்.