மூன்று இலட்சம் ரூபாச் சாமானுக்கு கார்ட் தவணையா, வங்கிக் கடனா?

புது வீட்டுக்கு ஃபிரிட்ஜும் வாஷிங் மெஷினும் சேர்த்து 300,000 ரூபா என்று வைப்போம். யாழ்ப்பாணம் கஸ்தூரியார் வீதிப் பக்கம் உள்ள ஒரு கடையில் கிரெடிட் கார்டைத் தேய்த்து வாங்கியாயிற்று. வங்கிக்கு அழைத்து 12 மாதத் தவணையாக மாற்றச் சொன்னால், "வட்டி இல்லை, கையாளும் கட்டணம் 9% மட்டும்" என்கிறார்கள். அதே வங்கியின் தனிநபர் கடனுக்கு வட்டி 15%. ஒன்பதையும் பதினைந்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் கார்ட்தான் மலிவு என்று யாருக்கும் தோன்றும். (இந்த வீதங்கள் கணக்குக்காக எடுத்தவை. உங்கள் வங்கி சொல்வதை அதே இடத்தில் போட்டுப் பாருங்கள்.)

இரண்டும் ஒரே அளவுகோல் அல்ல. கார்ட் கட்டணம் முழு மூன்று இலட்சத்துக்கும் போடப்படுகிறது. ஆனால் அந்த மூன்று இலட்சம் வருடம் முழுக்க உங்களிடம் இருப்பதில்லை. மாதாமாதம் முதல் குறைந்து, கடைசி மாதத்தில் இருபத்தைந்தாயிரம் அளவுதான் மிஞ்சும். கடனின் 15% அப்படியல்ல. அது குறைந்துவரும் மீதிக்கு மட்டும் கணக்கிடப்படுகிறது. 9% கட்டணத்தைச் சேர்த்தால் மாதத் தவணை 27,250 ரூபா. அதைக் குறைமீதி வட்டியாக மாற்றிப் பார்த்தால் வருடத்துக்கு ஏறத்தாழ 16.2% வருகிறது. கட்டணம் முழுவதையும் முதல் பில்லிலேயே எடுத்துவிடும் வங்கியென்றால் 17.5% அளவுக்குப் போகும். போனில் எக்செல் இருந்தால் நீங்களே பார்க்கலாம்:

```
=RATE(12,-27250,300000)*12
```

இனி ரூபாவில் பார்ப்போம். கார்டில் மேலதிகச் செலவு 27,000. 15% கடனில் மாதத் தவணை 27,077, முழு வட்டி ஏறத்தாழ 24,900. ஆவணக் கட்டணம் முதலியவற்றுக்கு 5,000 போனால் கடனின் செலவு 29,900 ஆகிவிடும். அதாவது வீதத்தில் கடன் மலிவு, கையிலிருந்து போகும் காசில் கார்ட் மூவாயிரம் மலிவு. இத்துடன் முடிவெடுத்தால் கார்ட்டையே சொல்வேன். கடனுக்கு அலைவதும், ஆள் பிணைக்கு அரச உத்தியோகத்தர் ஒருவரைத் தேடுவதும் கொஞ்ச வேலையில்லை.

ஆனால் கழிவைச் சேர்த்தால் கணக்கு மாறும். கைக்காசு என்றால் பல கடைக்காரர் விலையைக் குறைப்பார்கள், கார்டென்றால் வங்கிக்குப் போகும் கமிஷனை நினைத்து அசையமாட்டார்கள். 5% கழிவு கிடைத்தால் சாமான் 285,000. அந்தத் தொகைக்கு மட்டும் கடன் எடுத்தால், வட்டியும் ஐயாயிரமும் சேர்ந்து மொத்தம் ஏறத்தாழ 313,700 கட்டுவீர்கள். கார்டில் 327,000. வித்தியாசம் பதின்மூவாயிரத்துக்கு மேல். கார்டுக்கும் அதே கழிவைக் கடைக்காரர் தந்தால் இந்த லாபம் மறைந்துவிடும். அதனால் விலை பேசும்போதே இரண்டு விலையையும் கேட்க வேண்டும். கடையே தரும் "0% தவணை"யையும் இப்படித்தான் சோதிக்க வேண்டும். கைக்காசு விலை 285,000 ஆக இருக்க, 25,000 வீதம் 12 மாதம் கட்டினால் அது வருடத்துக்கு 9.6% வட்டிதான்.

இடையில் முடிக்கும் எண்ணம் உள்ளவர்களுக்கு இன்னொரு வேறுபாடு முக்கியம். வெளிநாட்டிலிருந்து காசு வரும், சீட்டு விழும் என்று காத்திருக்கும் வீடுகள் இங்கே நிறைய. மூன்று இலட்சக் கடனை ஆறு மாதத்தில் கட்டி முடித்தால் மிச்சமுள்ள வட்டியில் ஏறத்தாழ 6,900 மிஞ்சும், முன்கூட்டி முடிப்பதற்கான கட்டணம் அதைத் தின்றுவிடுகிறதா என்று மட்டும் பாருங்கள். கார்டில் கட்டணம் போனது போனதுதான். பொதுவாகத் திரும்பி வராது.

கார்டின் பெரிய ஆபத்து பில்லில் இருக்கிறது. மாற்றச் சொன்ன கோரிக்கை பில் திகதிக்கு முன் பதிவாகாவிட்டால் முழு 300,000 சாதாரணப் பாக்கியாக நிற்கும். அதைக் கட்ட முடியாமல் விட்டால் ஓடுவது கார்ட் வட்டி. 2023 ஆகஸ்டில் இலங்கை மத்திய வங்கி அதற்கு விதித்த உச்சவரம்பே 28%. அதனால் அடுத்த பில்லில் தவணை தனி வரியாக வந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். வராவிட்டால் கடைசித் திகதிக்கு முன்னமே வங்கியை அழையுங்கள். தவணை ஓடும் காலத்தில் வேறு சாமான்களும் அதே கார்டில் வாங்கி, குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டி வருபவருக்கு நான் கார்ட் தவணையைச் சொல்லமாட்டேன். அந்த மற்றப் பாக்கிக்கு ஏறும் வட்டி, மேலே மிச்சம் பிடித்த மூவாயிரத்தைச் சில மாதங்களிலேயே விழுங்கிவிடும்.

கடனிலும் ஒரு கேள்வி கேட்டே ஆக வேண்டும்: வட்டி குறைமீதிக்கா, முழுத்தொகைக்கா? நிதிக் கம்பனிகள் சில முழுத்தொகை வீதத்தைச் சொல்லும். முழுத்தொகைக்கு 9% என்றால் அது மேலே கண்ட அதே 16.2% தான். தவணை அட்டவணையை அச்சிட்டுத் தரச் சொல்லி, மாதத் தொகையை மாதங்களால் பெருக்கி, வாங்கிய தொகையைக் கழித்தால் உண்மைச் செலவு அங்கேயே தெரிந்துவிடும்.