டேமேஜ் 6 சதவீதமா, 2.84 சதவீதமா? இரண்டு கணக்கும் எங்கே பிரிகின்றன

திருப்பூரில் நாலு யூனிட் ஓட்டும் ஒரு பனியன் கம்பெனி என்று வைத்துக்கொள்வோம் (எண்கள் கணக்குக்காக நான் போட்டவை). மாதக் கடைசியில் டேஷ்போர்டைத் திறந்தால் டேமேஜ் 6% என்று சிவப்பில் நிற்கிறது. செக்கிங் நோட்டைக் கூட்டினால் 40,000 பீஸுக்கு 1,135 டேமேஜ், அதாவது 2.84%. யாரும் எண்ணைத் திருத்தவில்லை.

| யூனிட் | செக் செய்தது | டேமேஜ் | சதவீதம் |
|---|---|---|---|
| 1 | 20,000 | 400 | 2 |
| 2 | 12,000 | 360 | 3 |
| 3 | 7,500 | 300 | 4 |
| 4 | 500 | 75 | 15 |

கடைசிப் பத்தியின் நாலு எண்ணையும் கூட்டி நாலால் வகுத்தால் 6. டேமேஜ் பத்தியை முழுசாகக் கூட்டி, செக்கிங் பத்தியின் கூட்டுத்தொகையால் வகுத்து நூறால் பெருக்கினால் 2.84. ஷீட்டில் இவை இப்படி இருக்கும்:

```
=AVERAGE(D2:D5)
=SUM(C2:C5)/SUM(B2:B5)*100
```

முதல் வரியில் ஒவ்வொரு யூனிட்டுக்கும் ஒரு ஓட்டு. இரண்டாவதில் ஒவ்வொரு பீஸுக்கும் ஒரு ஓட்டு. நாலாவது யூனிட் 500 பீஸ்தான் தைத்தது, முதல் யூனிட் 20,000. ஆகவே சராசரிக் கணக்கில் நாலாவது யூனிட்டின் ஒரு டேமேஜ் பீஸ், முதல் யூனிட்டின் 40 டேமேஜ் பீஸுக்குச் சமமாகிவிடுகிறது. ஒரே ஒரு துணி ரோலில் ஆயில் கறை இருந்தால் போதும், கம்பெனியின் மொத்த எண்ணே எகிறிவிடும். எல்லா யூனிட்டும் ஒரே அளவில் தைத்தாலோ, எல்லாருக்கும் ஒரே சதவீதம் வந்தாலோ இரண்டு கணக்கும் ஒன்றாகத்தான் வரும். அதனால்தான் இந்தத் தப்பு, சின்ன யூனிட் ஒன்று புதிதாகத் திறக்கும்வரை கண்ணில் படாமலே ஓடிக்கொண்டிருக்கும்.

உங்கள் டேஷ்போர்டு எதைக் காட்டுகிறது என்று பார்க்க ஃபார்முலாவைத் திறக்க வேண்டியதில்லை. ஃபில்டரில் ஆகச் சின்ன யூனிட்டை எடுத்துவிடுங்கள். கூட்டி வகுத்த கணக்கு என்றால் 2.84 என்பது 2.68 ஆகும், அவ்வளவுதான். சராசரி என்றால் 6 அப்படியே பாதியாகி 3 ஆகும். இன்னொரு வழி, திரையில் இருக்கும் சதவீதத்தை மொத்த பீஸால் பெருக்குவது: 40,000-இல் 6% என்றால் 2,400 பீஸ். ரிஜெக்ஷன் மூலையில் அவ்வளவு இருக்கிறதா?

சராசரியில் எனக்கு ரொம்பப் பிடிக்காத இடம் ஒன்று உண்டு. ஐந்தாவது யூனிட் ஒன்று இருந்து அந்த மாதம் முழுக்க மூடிக் கிடந்தால், பூஜ்யத்தைப் பூஜ்யத்தால் வகுத்து ஷீட்டில் #DIV/0! வரும். அது அசிங்கமாக இருக்கிறதே என்று யாராவது IFERROR(C6/B6*100,0) என்று மூடிவிடுவார்கள். இப்போது 24-ஐ ஐந்தால் வகுக்கிறோம், டேமேஜ் 4.8% ஆகிவிட்டது. பூட்டிக் கிடந்த யூனிட் தரத்தை உயர்த்திவிட்டது! கூட்டி வகுக்கும் கணக்கில் அந்த யூனிட் மேலேயும் கீழேயும் பூஜ்யத்தைத்தான் சேர்க்கும், விடை அசையாது.

சரி, அப்போது சராசரியைத் தூக்கிப் போட்டுவிடலாமா? கேள்வி பீஸைப் பற்றியது என்றால், அதாவது எவ்வளவு துணி வீணானது, பையருக்கு எத்தனை பீஸ் குறையும் என்றால், தூக்கிப் போடலாம். கேள்வி யூனிட்டைப் பற்றியது என்றால், சூப்பர்வைசர்கள் பொதுவாக எப்படி நடத்துகிறார்கள் என்று பார்க்க வேண்டுமென்றால், யூனிட்டுக்கு ஒரு ஓட்டு நியாயம்தான். அங்கேயும் நான் சராசரியை விட இடைநிலை எண்ணைத்தான் எடுப்பேன். நாலு யூனிட்டையும் வரிசைப்படுத்தினால் நடுவில் 3-ம் 4-ம், ஆக 3.5%. அந்த 15 அதை இழுக்க முடியாது.

கூட்டி வகுக்கும் கணக்கும் ஒரு இடத்தில் ஆளை ஏமாற்றும். அடுத்த மாதம் நாலு யூனிட்டிலும் டேமேஜ் குறைகிறது: 1.9, 2.9, 3.8, 12. ஆனால் ஆர்டரில் ஒரு பகுதியை நாலாவது யூனிட்டுக்குத் தள்ளியிருக்கிறார்கள். செக்கிங் 15,000, 12,000, 7,000, 6,000. டேமேஜ் 285, 348, 266, 720. மொத்தம் அதே 40,000-இல் 1,619, அதாவது 4.05%. சராசரியோ 6-இலிருந்து 5.15-க்கு இறங்குகிறது. ஒரு எண் ஏறுகிறது, ஒன்று இறங்குகிறது, இரண்டும் உண்மை. ஆட்கள் நன்றாகத்தான் தைத்திருக்கிறார்கள், வேலையைத்தான் கை பழகாத இடத்துக்கு அனுப்பியிருக்கிறார்கள். இங்கே தையல்காரரைக் கூப்பிட்டுத் திட்டுவதில் பயனில்லை, பிளானிங் ஆளைத்தான் கேட்க வேண்டும்.

இதைக் கண்டுபிடிக்க ஒரு சதவீதம் மட்டும் உள்ள டேஷ்போர்டு உதவாது. யூனிட் வாரியாக சதவீதத்துக்குப் பக்கத்திலேயே செக் செய்த பீஸ் எண்ணிக்கையும் இருக்க வேண்டும். அப்புறம் எல்லா யூனிட்டும் ஒரே மாதிரிதான் எண்ணுகிறதா என்றும் பாருங்கள்: ஒரு பீஸில் ஓட்டையும் கறையும் இருந்தால் ஒரு யூனிட் அதை ஒரு டேமேஜ் பீஸ் என்றும், இன்னொன்று இரண்டு டேமேஜ் என்றும் எழுதினால், எந்த முறையில் வகுத்தாலும் விடை குழம்பித்தான் வரும்.