இலக்கம் நகரும், புள்ளி நகராது: தசம அட்டையைப் பல ஆண்டுகள் பயன்படுத்திய அனுபவம்

ஐந்து, ஆறாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுப்பவள் நான். 10, 100, 1000 ஆகியவற்றால் பெருக்குவதற்கும் வகுப்பதற்கும் பல ஆண்டுகளாக ஒரே ஒரு தசம அட்டையைத்தான் நம்பியிருக்கிறேன். அதில் எது நன்றாக வேலை செய்கிறது, எங்கே சிக்கும் என்பதைப் பகிர்கிறேன்.

முதலில் அட்டையின் அமைப்பு. ஏ4 தாளைப் படுக்கை வாக்கில் வைத்து, 3 செ.மீ. அகலத்தில் ஒன்பது கட்டங்கள். இடமிருந்து வலமாகப் பத்தாயிரம், ஆயிரம், நூறு, பத்து, ஒன்று. அதன்பின் ஒரு தடித்த கோடு, அதன்மேல் தசமப் புள்ளி. கோட்டுக்கு வலப்பக்கம் பத்தில் ஒன்று, நூறில் ஒன்று, ஆயிரத்தில் ஒன்று, பத்தாயிரத்தில் ஒன்று. தலைப்புகளுக்குக் கீழே இரண்டு பக்கமும் கீறிவிட்டு, அதற்குள் ஒரு நீளப் பட்டையை நுழைத்திருக்கிறேன். பட்டையிலும் அதே 3 செ.மீ. கட்டங்கள். எண்ணைப் பட்டையில் எழுத வேண்டும், ஆனால் புள்ளியைப் பட்டையில் எழுதவே கூடாது. புள்ளி அட்டைக்குச் சொந்தம், இலக்கங்கள் பட்டைக்குச் சொந்தம். இந்த ஒரு விதியில்தான் முழுப் பயனும் இருக்கிறது.

பத்தால் பெருக்கினால் பட்டை ஒரு கட்டம் இடப்பக்கம் போகும்; நூறு என்றால் இரண்டு, ஆயிரம் என்றால் மூன்று. வகுத்தால் அதே அளவு வலப்பக்கம். காரணம் தலைப்புகளிலேயே இருக்கிறது: ஒவ்வொரு கட்டமும் தனக்கு வலப்பக்கம் உள்ளதைப்போல் பத்து மடங்கு.

முழு எண்களோடு மட்டும் பழகிய பிள்ளைகள் '10ஆல் பெருக்கினால் ஒரு பூஜ்ஜியம் போடு' என்ற விதியோடு வருவார்கள். 36 × 10 = 360 வரை அது காப்பாற்றும். 3.6 × 10 என்றதும் 3.60 என்று எழுதுவார்கள். 3.60 என்பதும் 3.6 என்பதும் ஒன்றுதானே, எதுவும் பெருகவில்லை. இதை வாயால் சொன்னால் தலையாட்டுவார்கள், அடுத்த கணக்கில் மறுபடியும் அதையே செய்வார்கள். பட்டையை நகர்த்தினால் 3 பத்துக்குப் போவதும், 6 ஒன்றுக்கு வந்து சேர்வதும் கண்ணுக்குத் தெரிகிறது.

நான் அதிகம் நேரம் செலவழிப்பது வேறொரு வரிசையில். 1000ஆல் பெருக்கும் நான்கு கணக்குகளை அடுத்தடுத்துக் கொடுப்பேன்: 4, 4.5, 4.56, 4.567. நான்கிலும் பட்டை மூன்று கட்டம்தான் நகர்கிறது. நான்கிலும் 4 ஆயிரத்தில் போய் நிற்கிறது. முதல் கணக்கில் நூறு, பத்து, ஒன்று ஆகிய மூன்று இடங்களும் காலி, மூன்று பூஜ்ஜியம் எழுதி 4000. இரண்டாவதில் 5 நூறில் உட்கார்ந்துவிட்டதால் காலி இடம் இரண்டு, விடை 4500. மூன்றாவதில் ஒன்றே ஒன்று, 4560. நான்காவதில் காலியே இல்லை, 4567. நிரப்பும் பூஜ்ஜியத்தைப் பட்டை நின்ற பிறகு, வேறு நிறத்தில், அட்டையின் மேலேயே எழுதச் சொல்வேன்.

இந்த வரிசையின்போது ஒரு மாணவி கேட்டாள்: "மிஸ், ஆயிரத்துல மூணு பூஜ்ஜியம் இருக்கே, இங்க ஒண்ணுகூட வரலையே?" இந்தக் கேள்வி வந்துவிட்டால் பாதிப் பாடம் முடிந்த மாதிரி. பூஜ்ஜியம் பெருக்கலால் வருவதில்லை, இலக்கம் விட்டுப்போன இடத்தைக் காட்டத்தான் வருகிறது என்பதை அவளே அந்த நான்கு விடைகளைப் பார்த்துச் சொல்லிவிட்டாள். முழு எண்களில் பழைய விதி ஏன் பலித்தது என்பதற்கும் அதுவே பதில். முழு எண்ணை நகர்த்தினால் ஒன்றின் இடம் எப்போதுமே காலியாகும்.

வகுத்தலில் சிக்கல் இன்னும் ஆழம். பூஜ்ஜியத்தைப் போடப் பழகிய கை, வகுக்கும்போது பூஜ்ஜியத்தை எடுக்கத் தேடும். 30.2 ÷ 10 கொடுத்துப் பாருங்கள். நடுவில் இருக்கும் பூஜ்ஜியத்தைத் தூக்கிவிட்டு 3.2 என்று எழுதும் பிள்ளைகள் நிறைய. பட்டையில் 3, 0, 2 மூன்றும் தனித்தனிக் கட்டத்தில் இருக்கின்றன. வலப்பக்கம் ஒரு கட்டம் நகர்த்தினால் 3 ஒன்றில், 0 பத்தில் ஒன்றில், 2 நூறில் ஒன்றில். விடை 3.02. இங்கே பூஜ்ஜியமும் மற்ற இலக்கங்களோடு சேர்ந்தே பயணம் செய்கிறது. சரிபார்க்க 3.2ஐப் பத்தால் பெருக்கச் சொல்வேன். 32தான் வரும், 30.2 வராது. 6 ÷ 1000 போன்றவற்றில் 6 ஆயிரத்தில் ஒன்றில் போய் நிற்கும். அதற்கும் புள்ளிக்கும் நடுவே உள்ள இரண்டு காலி இடங்களை நிரப்பியே ஆக வேண்டும், புள்ளிக்கு முன்னால் ஒன்றின் இடத்திலும் ஒரு பூஜ்ஜியம் எழுதுகிறோம். 0.006.

நீண்ட காலம் பயன்படுத்தியதில் தெரிந்த முக்கியமான கோளாறு, எண்ணும் விதம். நூறால் பெருக்க இரண்டு கட்டம் நகர்த்து என்றால், சில பிள்ளைகள் இலக்கம் ஏற்கெனவே நிற்கும் கட்டத்தையே 'ஒன்று' என்று எண்ணிவிடுவார்கள். 0.7 × 100க்கு 7 என்று விடை வந்தால் இதுதான் நடந்திருக்கிறது. கருத்துப் புரியாமல் இல்லை, ஒரு கட்டம் குறைவாக நகர்ந்திருக்கிறது, அவ்வளவுதான். கட்டத்தை எண்ணாமல், தாண்டிய கோடுகளை எண்ணச் சொன்னதும் இது நின்றது. 7 தடித்த கோட்டைத் தாண்டி ஒன்றுக்கு, இன்னொரு கோட்டைத் தாண்டிப் பத்துக்கு. ஒன்றின் இடம் காலி, விடை 70.

இன்னொன்று, புள்ளியை நடுவாக வைத்து இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கும் என்ற எதிர்பார்ப்பு. பத்துக்கு எதிரே பத்தில் ஒன்று இருக்கிறதே, ஒன்றுக்கு எதிரே என்ன என்று தேடுவார்கள். இதற்காக ஒன்றின் கட்டத்துக்கு மட்டும் வெளிர்மஞ்சள் அடித்திருக்கிறேன். அதை நடுவாகப் பார்த்தால் பத்தும் பத்தில் ஒன்றும் இரு பக்கமும் சமமாக அமைந்துவிடுகின்றன.

அட்டையின் உழைப்பைப் பற்றிச் சுருக்கமாக. லேமினேஷன் செய்தால் மார்க்கரில் எழுதி அழித்துக்கொள்ளலாம். காகிதப் பட்டை சீக்கிரம் சுருண்டுவிடும், ஒளிபுகும் பிளாஸ்டிக் பட்டை நிற்கும். பட்டையின் கட்ட அகலம் அட்டையின் கட்ட அகலத்திலிருந்து மாறினால் இலக்கங்கள் கட்டத்தின் நடுவில் நிற்காமல் கோட்டை நோக்கி விலகும், பிள்ளை எந்த இடம் என்று தடுமாறும். முன்பு ஏழு கட்டங்கள் வைத்திருந்தேன். 45.6 × 1000 போட்டால் 4 அட்டைக்கு வெளியே போய்விட்டது, அதனால்தான் ஒன்பது.

புள்ளியை நகர்த்தும் குறுக்குவழியும் அதே விடையைத்தான் தரும். ஆனால் புள்ளி நகர்ந்தால் மதிப்பு ஏன் மாறியது என்பது தெரிவதில்லை, எந்தப் பக்கம் என்பதும் மறந்துபோகும். அட்டை கைவசப்படும் முன் அதை நான் சொல்வதில்லை.

20ஆல், 300ஆல் பெருக்க அட்டை தனியாக உதவாது. 1.2 × 300 என்றால் முதலில் 3ஆல் பெருக்கி 3.6, பிறகு அதைப் பட்டையில் எழுதி இரண்டு கட்டம், 360. 5ஆல் வகுப்பதுபோன்ற கணக்குகளில் இலக்கங்களே மாறிவிடும் என்பதால் அங்கே அட்டையை எடுப்பதே இல்லை.